நேத்து கணக்கு இன்னைக்கு எப்படி ஏறும்?

எங்க ஆபீஸ்ல பக் ரிப்போர்ட் மெயிலுக்கு ஒரு டெம்ப்ளேட் இருக்கு. ஸ்டெப்ஸ், எதிர்பார்த்த ரிசல்ட், நடந்த ரிசல்ட், சிவியாரிட்டி. அநேகமா எல்லா ஆபீஸ்லயும் இதே நாலு தலைப்பு தான் இருக்கும், அதனால அது என்னன்னு நான் விளக்கப் போறதில்ல. எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டு இருக்குறது வேற விஷயம். நாலு தலைப்பையும் ஒண்ணு விடாம ரொப்பி அனுப்புன மெயிலுக்கும் டெவலப்பர் கிட்ட இருந்து "என் பக்கம் சரியா தான் வருது"ன்னு ஒரு வரி பதில் வருது. சப்போர்ட்ல இருக்குறவன் "இவனுங்க மெயிலையே படிக்கிறதில்ல"ங்குறான், டெவலப்பர் "இவங்களுக்கு எழுதவே தெரியல"ங்குறான், நடுவுல கடைக்காரர் போன் அடிச்சிக்கிட்டே இருக்கார். இதுல யார் மேலயும் தப்பு இல்லாம கூட இந்த நிலைமை வரும்ங்குறதுக்கு என் கையில ஒரு நல்ல கேஸ் இருக்கு, அதை முழுசா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன்.

நான் மதுரையில சின்ன கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக்குடுத்து, அப்புறம் வர்ற பிரச்சனையைப் பாத்துக்குற ஆளு. சாஃப்ட்வேர் எழுதுறவங்க பெங்களூர்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல மெயில் தான் பாலம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கத்துல ஒரு டீக்கடை, டிபனும் உண்டு. பூ ஏத்துற ஆளுங்க விடியறதுக்கு முன்னாடியே வந்துருவாங்கங்குறதால கடை நாலு நாலே காலுக்கெல்லாம் திறந்துரும். ராத்திரி ஒன்பது மணி வாக்குல மூடுவாங்க. மூடும்போது கல்லாவை எண்ணி, யூபிஐ-ல வந்ததையும் கூட்டி, ஆப்ல இருக்குற "நாள் விற்பனை" ரிப்போர்ட்டோட ஒப்பிடுவார் கடைக்கார அண்ணன். கையில காசு கூட இருக்கு, ரிப்போர்ட்ல கம்மியா காட்டுது. தினமும். காசு குறைஞ்சா வேலைக்கு நிக்குற பையன் மேல சந்தேகம் வரும், கூட இருந்தா யார் மேல சந்தேகப்படுறது? "தம்பி, உங்க மிஷின் என் காசையே நம்ப மாட்டேங்குது"ன்னார்.

## முதல்ல போன மெயில்

என் கூட வேலை பாக்குற பையன் தான் முதல்ல மெயில் அனுப்புனான். டெம்ப்ளேட்டை விடல. ஸ்டெப்ஸ்: பில் போடவும், நாள் விற்பனை ரிப்போர்ட் பாக்கவும். எதிர்பார்த்தது: டோட்டல் சரியா வரணும். நடந்தது: டோட்டல் தப்பா வருது, சிங்க் பிரச்சனை. சிவியாரிட்டி: வெரி அர்ஜென்ட். பாத்தா எல்லா கட்டமும் நிரம்பியிருக்கு, ஆனா இதை வெச்சிக்கிட்டு பெங்களூர்ல உக்காந்திருக்குற ஒருத்தர் என்ன செய்ய முடியும்? அவர் பில் போட்டார், ரிப்போர்ட் பாத்தார், டோட்டல் சரியா வந்துச்சு. "சரியா வருதே ப்ரோ"ன்னு பதில் போட்டார். அவர் பொய் சொல்லல, சோம்பேறித்தனமும் இல்ல. அவர்கிட்ட குடுத்த ஸ்டெப்ஸ்படி செஞ்சா யாருக்குமே சரியா தான் வரும்.

இதுல கெடுதல் பண்ணுனது அந்த "சிங்க் பிரச்சனை"ங்குற ரெண்டு வார்த்தை தான். அது நம்ம பையனோட ஊகம், ஆனா "நடந்தது"ங்குற தலைப்புக்குக் கீழ உக்காந்துருச்சு. அந்த தலைப்புக்குக் கீழ இருக்குறதை படிக்கிறவர் கண்ணால பாத்த சாட்சின்னு தான் எடுத்துப்பார். டெவலப்பரும் அப்படியே எடுத்துக்கிட்டு, போன்ல இருந்து சர்வருக்கு பில் லேட்டா போகுதான்னு சிங்க் கோடை ரெண்டு மூணு நாள் புரட்டிப் பாத்திருக்கார். அங்க ஒண்ணும் இல்ல. அடுத்த தடவை நம்ம கிட்ட இருந்து மெயில் போனா அவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த ஊகம் முட்டாள்தனமானது இல்ல. அதுக்கு நல்ல காரணம் இருந்துச்சு. கடைக்காரர் ராத்திரி பாக்கும்போது கம்மியா இருக்குற டோட்டல், மறுநாள் காலையில அதே தேதிக்கு மறுபடி பாத்தா ஏறியிருக்கும். நேத்து கடையை மூடியாச்சு, நேத்து கணக்கு இன்னைக்கு எப்படி ஏறும்? லேட்டா வந்து சேர்ந்திருக்கும், அப்படின்னு தான யாருக்கும் தோணும். எனக்கும் அது நியாயமா தான் பட்டுச்சு, அந்த அம்பது ரூபாயைப் பாக்குற வரைக்கும்.

## அந்த அம்பது ரூபா

ஒரு செவ்வாய்க்கிழமை கணக்கை முழுசா எழுதி வாங்கினேன். ராத்திரி கல்லாவும் யூபிஐ-யும் சேத்து 15,540 ரூபா. அதே நேரத்துல ரிப்போர்ட் காட்டுனது 14,310. அதாவது 1,230 ரூபா ரிப்போர்ட்ல இல்ல. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு மேல செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டை திரும்ப எடுத்தா 15,490. "பாத்தீங்களா, ராத்திரி வந்து சேந்துருச்சு, அம்பது ரூபா தான் வித்தியாசம், அது எங்கயாவது சில்லறை குடுத்ததுல போயிருக்கும்"னு கடைக்கார அண்ணனே சமாதானம் ஆயிட்டார். பத்துல ஒம்பது பேர் இங்க விட்டுருவாங்க, ஏன்னா கணக்கு கிட்டத்தட்ட வந்துருச்சு.

ஆனா யோசிச்சுப் பாருங்க. சிங்க் லேட்டுன்னா விட்டுப்போன அதே பில்லுங்க தான் வந்து சேரணும். விட்டுப்போனது 1,230, வந்து சேந்தது 1,180. லேட்டா வர்ற பில் வழியில அம்பது ரூபா எளைச்சா வரும்? அப்ப வந்து சேந்தது வேற பில்லுங்க. வேற ஏதோ 1,180 ரூபா, போன 1,230 ரூபாவோட அளவுல இருக்குறதால அதே மாதிரி தெரியுது.

இதைக் கண்டுபிடிக்க பெருசா ஒண்ணும் பண்ணல. ஆப்ல பில் வாரியா லிஸ்ட் பாக்குற ஸ்க்ரீன் தனியா இருக்கு, அதுல செவ்வாய்க்கிழமை பில் எல்லாம் காலை 4:18-ல இருந்து ராத்திரி வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு, கூட்டுனா அச்சு அசலா 15,540. அதை எக்செல்ல போட்டு கடைசி பில்லுல இருந்து மேல நோக்கி கூட்டிக்கிட்டே வந்தேன், எந்த பில் வரும்போது 14,310 தொடுதுன்னு. 5:31-க்கு போட்ட பில்லுல தொட்டுச்சு. அதுக்கு முந்தின பில் 5:28, அது ரிப்போர்ட்ல இல்ல. அப்புறம் புதன்கிழமை லிஸ்ட்டை எடுத்து மேல இருந்து கூட்டுனேன், கடை திறந்ததுல இருந்து அஞ்சரைக்குள்ள போட்ட பில்லுங்க சரியா 1,180. அதாவது விடிகாலை பில்லுங்க எல்லாம் முந்தின நாள் கணக்குல போய் உக்காருது. செவ்வாய் காலை வியாபாரம் திங்களுக்குப் போயிருச்சு, புதன் காலை வியாபாரம் செவ்வாய்க்கு வந்துருச்சு. டீக்கடையில ஒரு நாள் காலை மாதிரி தான் மறுநாள் காலையும் இருக்கும், அதனால தொகை கிட்டத்தட்ட சமமா வந்து எல்லாரையும் ஏமாத்திருச்சு.

அஞ்சரைன்னு ஒரு கோடு விழுந்த உடனே இந்த ஃபீல்டுல இருக்குற யாருக்கும் பொறி தட்டும். இந்திய நேரம், உலகப் பொது நேரமான யூடிசி-யை விட அஞ்சரை மணி நேரம் முன்னாடி. நமக்கு காலை 5:30 ஆகும்போது தான் யூடிசி-ல நள்ளிரவு 12, அப்பத்தான் அங்க தேதி மாறுது. சர்வர் கடிகாரம் யூடிசி-ல ஓடுனா நம்ம ஊர் 4:18 பில் அதுக்கு நேத்து ராத்திரி 10:48.

டெவலப்பருக்கு ஏன் சரியா வந்துச்சுங்குறதும் இதுலயே புரிஞ்சிரும். அவர் ஆபீஸ்க்கு வர்றது பத்து மணிக்கு, அப்ப யூடிசி-ல 4:30, ரெண்டு கணக்குலயும் ஒரே தேதி. அவர் சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் எத்தனை பில் போட்டாலும் இந்த பக் தலை காட்டாது. அது போக அவர் லேப்டாப்ல ஓடுற சர்வர் இந்திய நேரத்துல இருந்துச்சு, லைவ் சர்வர் தான் யூடிசி-ல. அதனால அவர் ராத்திரி பூரா முழிச்சிருந்து லேப்டாப்ல டெஸ்ட் பண்ணியிருந்தாலும் சரியா தான் வந்திருக்கும்.

## மறுபடி எழுதுன மெயில்

இவ்வளவு தெரிஞ்ச பிறகு "டைம்ஸோன் பிரச்சனை, சரி பண்ணுங்க"ன்னு ஒரு வரி போட்டுட்டுப் போயிருக்கலாம். போடல. என் ஊகமும் ஊகம் தான, நம்ம பையனோட சிங்க் மாதிரி. அது தப்பா இருந்தாலும் மெயில் உபயோகமா இருக்கணும், அதுக்கு ஊகத்தை நம்பாம நிக்குற ஒரு சின்ன டெஸ்ட் வேணும். எங்களுக்கு லைவ் சர்வர்லயே ஒரு டெஸ்ட் கடை அக்கவுண்ட் இருக்கு, அதுல காலங்காத்தால எந்திரிச்சு ரெண்டே ரெண்டு பில் போட்டேன். ஒண்ணு பத்து ரூபா, இன்னொண்ணு இருபது ரூபா. தொகை வேற வேறயா இருக்குறது முக்கியம், ரெண்டும் பத்துன்னா எது எங்க போச்சுன்னு டோட்டலைப் பாத்து சொல்ல முடியாது. மெயில் இங்கிலீஷ்ல தான் போச்சு, இங்க நம்ம பேச்சுல போடுறேன்.

> சப்ஜெக்ட்: நாள் விற்பனை ரிப்போர்ட்: காலை 5:30-க்கு முன்னாடி போடுற பில் முந்தின நாள் டோட்டல்ல சேருது (லைவ் சர்வர்)
>
> ஸ்டெப்ஸ்
> 1. லைவ் சர்வர்ல டெஸ்ட் கடை அக்கவுண்ட்ல லாகின். நேத்தும் இன்னைக்கும் இந்த கடையில வேற பில் எதுவும் இல்ல.
> 2. காலை 5:20-க்கு ₹10-க்கு ஒரு பில்.
> 3. காலை 5:35-க்கு ₹20-க்கு ஒரு பில்.
> 4. நாள் விற்பனை ரிப்போர்ட்டை இன்னைக்கு தேதிக்கு ஒரு தடவை, நேத்து தேதிக்கு ஒரு தடவை எடுக்கணும்.
>
> எதிர்பார்த்தது: இன்னைக்கு ₹30, நேத்து ₹0. பில்லுல பிரிண்ட் ஆகுற தேதி எதுவோ அந்த தேதி டோட்டல்ல தான் பில் சேரணும். ரெண்டு பில்லுலயும் இன்னைக்கு தேதி தான் பிரிண்ட் ஆகியிருக்கு.
>
> நடந்தது: இன்னைக்கு ₹20, நேத்து ₹10. எப்ப எடுத்தாலும் இதே தான். பில் வாரி லிஸ்ட்ல ரெண்டு பில்லும் இன்னைக்கு தேதியில, சரியான நேரத்தோட இருக்கு. டோட்டல் மட்டும் தான் மாறுது. எந்த எரர் மெசேஜும் வரல.
>
> சிவியாரிட்டி: மேஜர். காரணம் கீழ.
>
> ஊகம் (உறுதி இல்ல): கோடு சரியா 5:30-ல விழறதால ரிப்போர்ட் யூடிசி தேதியில கூட்டுதோன்னு தோணுது. டெஸ்ட் பில் ரெண்டையும் அழிக்காம அப்படியே விட்டிருக்கேன், ரிப்போர்ட்டை மட்டும் திறந்து பாத்துக்கலாம்.

கடைசி வரியைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். ஸ்டெப்ஸ்ல காலை 5:20-ன்னு இருந்தா அதைப் படிக்கிற மனுஷன் நிஜமாவே 5:20-க்கு எந்திரிக்கணுமா? டெவலப்பர் கேட்டார், "அண்ணா, போன் கடிகாரத்தை மாத்தி வெச்சி பில் போட்டா வராதா?"ன்னு. வராது, ஏன்னா பில்லுக்கு நேரம் போடுறது போன் இல்ல, சர்வர். அதனால தான் பில்லை அழிக்காம விட்டது. நெறைய பேர் டெஸ்ட் பண்ணி முடிச்சதும் சுத்தமா இருக்கட்டும்னு டெஸ்ட் டேட்டாவை துடைச்சிருவாங்க, துடைச்ச பிறகு மெயில் அனுப்புவாங்க. அது கைரேகையை அழிச்சிட்டு போலீஸுக்கு போன் பண்ற மாதிரி.

"நடந்தது"ல பில் வாரி லிஸ்ட் சரியா இருக்குன்னு எழுதுனதும் வேணும்னே தான். எது கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொன்னா தேட வேண்டிய இடம் பெருசா இருக்கும், எது கெடலன்னும் சொன்னா பாதி இடம் கழிஞ்சிரும். பில் சரியான நேரத்தோட இருக்குன்னா டேட்டா சர்வருக்கு ஒழுங்கா போயிருக்கு, அப்ப சிங்க்கைப் பாக்க வேண்டாம், சேமிக்கிற இடத்தைப் பாக்க வேண்டாம், கூட்டுற இடத்தை மட்டும் பாத்தா போதும். அவர் நேரா ரிப்போர்ட்டோட குவரிக்குப் போயிட்டார், அன்னைக்கு மத்தியானமே பதில் வந்துச்சு. குவரி இப்படி இருந்துச்சு:

```sql
SELECT DATE(created_at), SUM(total)
FROM bills
GROUP BY DATE(created_at);
```

`created_at`-ல யூடிசி நேரம் இருக்கு, அதுல இருந்து நேரா தேதியை உருவுனா யூடிசி தேதி தான் வரும். பில் லிஸ்ட்ல சரியா தெரியுறது ஏன்னா அந்த ஸ்க்ரீன் மொத்த பில்லையும் வாங்கி, போனோட நேரத்துக்கு மாத்திக் காட்டுது. `DATE(created_at)` வர்ற ரெண்டு இடத்துலயும் இதைப் போட்டா போதும்:

```sql
DATE(CONVERT_TZ(created_at, '+00:00', '+05:30'))
```

நம்ம நாட்டுல கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம்னு கடிகாரத்தை மாத்துற பழக்கம் இல்லாததால அஞ்சரைன்னு நேரா போட்டா போதும், வெளிநாட்டுக் கடைன்னா இது பத்தாது.

## மேஜரா, கிரிட்டிக்கலா

சிவியாரிட்டியில தான் எங்க ஆபீஸ்ல எப்பவும் சண்டை. நம்ம பையன் எல்லா மெயில்லயும் வெரி அர்ஜென்ட் போடுவான், லோகோ கொஞ்சம் இடது பக்கம் நகந்திருந்தாலும் வெரி அர்ஜென்ட் தான். அவன் நியாயம் என்னன்னா கடைக்காரர் எவ்வளவு சத்தம் போடுறாரோ அவ்வளவு அர்ஜென்ட். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சத்தம் போடுறது அவர் சுபாவம், சிவியாரிட்டி பக்கோட சுபாவம். எங்ககிட்ட கிரிட்டிக்கல்னா பில்லே போட முடியல, இல்ல டேட்டா அழிஞ்சு போகுது, ராத்திரியா இருந்தாலும் ஒருத்தரை எழுப்பணும்னு அர்த்தம். இதுல பில் போகுது, காசு சரியா இருக்கு, டேட்டா ஒண்ணும் அழியல. பில் வாரி லிஸ்ட்டை எடுத்து கூட்டிக்கிட்டா அன்னைய கணக்கு கிடைச்சிரும், அதாவது ஒப்பேத்த ஒரு வழி இருக்கு. இந்த நாலையும் பாத்தா மைனர்னு கூட ஒருத்தர் வாதாடலாம், டெவலப்பரோட மேனேஜர் அப்படித்தான் வாதாடுனார்.

மேஜர்னு நான் நின்னதுக்குக் காரணம் மாசக்கடைசி. ஒண்ணாம் தேதி விடிகாலை வியாபாரம் போன மாசத்து டோட்டல்ல போய் சேருது. இந்த ரிப்போர்ட்டோட மாச எக்ஸ்போர்ட்டைத் தான் கடைக்காரர் ஆடிட்டருக்கு அனுப்புறார், அவர் அதை வெச்சு தான் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுறார். பில் வாரி லிஸ்ட்ல கூட்டிக்கோங்கங்குற ஒப்பேத்தல் டீக்கடைக்குள்ள செல்லும், ஆடிட்டர் ஆபீஸ்ல செல்லாது, அவர் பாக்குறது எக்ஸ்போர்ட் ஃபைலை மட்டும் தான். அதுலயும் நாங்க இதைக் கண்டுபிடிச்சது மார்ச் மாசம். ஏப்ரல் ஒண்ணாம் தேதி காலை பில் மார்ச் 31-ல விழுந்தா அது மாசம் மட்டும் இல்ல, நிதியாண்டே மாறிப்போகுது. புது வருஷத்துக்குப் புதுசா தொடங்குற பில் நம்பர், பழைய வருஷத்து விற்பனைக்குள்ள. மெயில்ல இப்படித்தான் எழுதுனேன்: "டேட்டா இழப்பு இல்ல, பில்லிங் நிக்கல, அதனால கிரிட்டிக்கல் இல்ல. மாச எக்ஸ்போர்ட் தப்பாகும், அதுக்கு மாற்று வழி இல்ல, அதனால மேஜர். மார்ச் 31 ராத்திரிக்கு முன்னாடி லைவ் போனா நிதியாண்டு பிரச்சனை வராது." கிரிட்டிக்கல் இல்லன்னு நாமளே சொன்னதும் அடுத்த வரியை அவங்க நம்பி படிக்கிறாங்க. எப்ப எடுத்து செய்யணும்ங்குற முடிவு அவங்களோடது, அதை நான் எழுதல, தேதியை மட்டும் குடுத்தேன். மேனேஜர் அதுக்கப்புறம் வாதாடல.

## சரி பண்ணுனதும் வந்த போன்

மார்ச் கடைசி வாரத்துல லைவ் போயிருச்சு. டீக்கடை அண்ணன் கணக்கு ரூபா சுத்தமா ஒத்துப்போச்சு. மறுநாளே இன்னொரு போன், பரோட்டா கடையில இருந்து. சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்து ராத்திரி ரெண்டு மணிக்கு மூடுற கடை. "ஏப்பா, இவ்வளவு நாளா கணக்கு கரெக்டா இருந்துச்சே, என்னத்தப்பா நோண்டி வெச்சீங்க?"

அவர் சொன்னது உண்மை தான். அவருக்கு ஒரு நாள்ங்குறது கடையைத் திறந்ததுல இருந்து மூடுற வரைக்கும், நள்ளிரவு பன்னெண்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்ல. ராத்திரி 12:40-க்கு வெட்டுற சால்னா பில் அவர் மனசுல அன்னைய வியாபாரம். பக் இருந்த காலத்துல நாள் மாறுனது காலை 5:30-க்கு, அதனால பன்னெண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் போட்ட பில்லெல்லாம் முந்தின நாள்ல சேந்து கல்லாவோட அப்படியே பொருந்திக்கிட்டு இருந்துச்சு. அவரைப் பொறுத்தவரைக்கும் சாஃப்ட்வேர் பிரமாதமா வேலை செஞ்சிக்கிட்டு இருந்துச்சு, நாங்க போய் கெடுத்துட்டோம். நம்ம பையன் உடனே மெயிலைத் திறந்துட்டான், "ஃபிக்ஸுக்கு அப்புறம் ரிப்போர்ட் தப்பா வருது, பழையபடி மாத்துங்க, வெரி அர்ஜென்ட்"னு. அது மட்டும் போயிருந்தா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் மாத்தின்னு அந்த குவரி ஊஞ்சலாடியிருக்கும்.

இங்க தான் முந்தின மெயில்ல "எதிர்பார்த்தது"க்குக் கீழ எழுதுன ரெண்டாவது வரி காப்பாத்துச்சு. வெறும் "இன்னைக்கு 30 ரூபா வரணும்"னு மட்டும் நான் எழுதியிருந்தா அது என் ஆசை, பரோட்டா கடைக்காரருக்கும் அவர் ஆசை இருக்கு, ரெண்டுல எது சரின்னு டெவலப்பர் எப்படி முடிவு பண்ணுவார்? "பில்லுல பிரிண்ட் ஆகுற தேதியில சேரணும்"ங்குறது விதி. அந்த விதியை வெச்சுப் பாத்தா 12:40 பில்லுல மறுநாள் தேதி தான் பிரிண்ட் ஆகியிருக்கு, ரிப்போர்ட்டும் மறுநாள்ல தான் காட்டுது, அப்ப ரிப்போர்ட் இப்ப சரி. பரோட்டா கடைக்காரர் கேக்குறது இன்னொரு விதி: எந்த பில்லும் கல்லா மூடுற நேரத்தை வெச்சு ஒரு நாள்ல சேரணும். அதுவும் நியாயமான விதி தான், ஹோட்டல் பில்லிங்ல நாள் முடியுற நேரம்னு ஒரு செட்டிங் இருக்குறது சகஜம், நம்ம சாஃப்ட்வேர்ல அது இல்லாம இருந்துச்சு. அதனால அந்த ரெண்டாவது மெயிலை பக்னே அனுப்பல. புது செட்டிங் வேணும்னு, பன்னெண்டு மணி டிஃபால்ட்டா இருக்கட்டும், கடைக்குக் கடை மாத்திக்குற மாதிரி இருக்கட்டும், அது கல்லா ரிப்போர்ட்டை மட்டும் மாத்தணும், வரிக்குப் போற எக்ஸ்போர்ட் பில் தேதியிலயே நிக்கணும்னு உதாரணத்தோட எழுதினேன். பக்னு எழுதியிருந்தா சரியா வேலை செய்யுற கோடை தப்புன்னு சொன்னதா ஆயிருக்கும், டெவலப்பர் அதை தப்புன்னு நினைச்சு தேடவும் ஆரம்பிச்சிருப்பார்.

அதுக்குள்ள பரோட்டா கடைக்காரரை சமாளிக்கணுமே. பில் வாரி லிஸ்ட்டை ஆறு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் வடிகட்டி எடுக்க சொல்லிக்குடுத்தேன். ஒரு மாசம் போல திட்டிக்கிட்டே செஞ்சார்.

இன்னும் முடியாத ஒண்ணு இருக்கு. இந்த ரிப்போர்ட் எங்கயும் சேமிச்சு வெச்சது இல்ல, கேக்குற போதெல்லாம் அப்பப்ப கூட்டித் தருது. அதனால குவரியை மாத்துன நிமிஷத்துல போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம்னு பழைய மாசத்து டோட்டல் எல்லாமே மாறிப்போச்சு. டீக்கடைக்காரரோட ஆடிட்டர் ஃபைல் பண்ணி முடிச்ச மாசத்தை இன்னைக்கு எக்ஸ்போர்ட் எடுத்தா அவர் ஃபைல் பண்ணுன தொகை வராது. புது தொகை தான் பில்லோட ஒத்துப்போகுது, பழைய தொகை தான் ரிட்டர்ன்ல இருக்கு. இதுக்கும் ஒரு மெயில் எழுதி வெச்சிருக்கேன். ஸ்டெப்ஸ் ரெண்டு வரி, நடந்தது ஒரு வரி, எக்ஸ்போர்ட் எடுத்த ரெண்டு ஃபைலும் அட்டாச்மென்ட்ல. எதிர்பார்த்ததுங்குற இடம் மட்டும் காலியா இருக்கு, ஏன்னா அதை நானும் சொல்ல முடியாது, டெவலப்பரும் சொல்ல முடியாது. ஃபைல் பண்ணுன மாசத்தைப் பூட்டி வெக்கணுமா, இல்ல வித்தியாசத்தை அடுத்த மாசத்துல காட்டணுமான்னு ஆடிட்டர் தான் சொல்லணும். அவருக்கு போன் போட்டேன், மாசம் இருபதாம் தேதி தாண்டட்டும், அதுக்கப்புறம் வாங்க பேசலாம்னார்.